2700 டிபிஐ-யா, 7200-ஆ, கேமராவா: நெகட்டிவ் ஸ்கேனில் வானம் ரவையாகிற கதை

எங்கள் வீட்டுக் கூடத்தில் 8×12 அளவில் ஒரு கன்னியாகுமரி படம் தொங்குகிறது. 1994-இல் அப்பா எடுத்தது, 400 ஸ்பீட் கலர் ஃபிலிம். பாதிப் படம் வானம்தான், அந்த வானம் வழுவழுவென்று இருக்கும். அதே நெகட்டிவை என் பழைய 2700 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனரில் போட்டு, அதே அளவுக்குப் பிரிண்ட் எடுத்தபோது வானம் முழுக்க ரவையைத் தூவியது மாதிரி இருந்தது. ஃபிலிம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெட்டிருந்தது ஃபிலிம் இல்லை.

இப்போது நான் பயன்படுத்துவது பெட்டியில் 7200 டிபிஐ என்று போட்டிருக்கும் ஒரு ஸ்கேனர். இடையில் கேமராவில் நெகட்டிவைப் படம் பிடித்தும் பார்த்தேன். மூன்றையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை: 7200-இன் பக்கம்தான். ஆனால் அதன் லென்ஸ் கூர்மையானது என்பதற்காக இல்லை. சொல்லப்போனால் அதன் லென்ஸ் கொஞ்சம் மந்தம். அந்த மந்தம்தான் காரியத்தைக் காப்பாற்றியது.

வேகம், விலை, மென்பொருள் எல்லாம் தெரிந்த சங்கதிகள். பழையது வேகம், புதியது மெதுவு. பழையது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். ஃப்ளாட்பெட் ஸ்கேனரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 35 மிமீ நெகட்டிவில் படத்தை உருவாக்கும் நுண்ணிய மணிகளான கிரெய்ன் வரை அதன் லென்ஸ் எட்டாது, படம் மொத்தமும் மெத்தென்று வரும். போஸ்ட்கார்டு அளவுக்கு அது போதும். கூடத்தில் மாட்டப் போதாது.

தீர்மானித்த விஷயம் ஒன்றே ஒன்று: ஃபிலிமில் இருக்கிற மிக நுண்ணிய கிரெய்ன், சென்சாரில் புள்ளியாக மாறுவதற்கு முன்னால் என்ன ஆகிறது?

டிவியில் நெருக்கமான கோடு போட்ட சட்டையோடு ஒருவர் உட்கார்ந்தால், சட்டையில் இல்லாத பெரிய அலைகள் நெளியும், பார்த்திருப்பீர்கள். கோடுகள் டிவியின் புள்ளிகளைவிட நெருக்கமாக இருப்பதால், பிடிக்க முடியாத நுணுக்கம் பெரிய வடிவமாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. இதுதான் அலியாசிங். கிரெய்னிலும் இதே கூத்துதான். ஆனால் கிரெய்ன் வரிசையாக இல்லாமல் கலைந்து கிடப்பதால் அலை தெரியாது, வெறும் பெரிய கிரெய்னாகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் பழியை ஃபிலிம் மேல் போடுகிறார்கள்.

கணக்கில் பார்த்துவிடலாம். 2700 டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு 2700 புள்ளிகள், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 106. ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு என்று ஒரு ஜோடியைப் பிடிக்க இரண்டு புள்ளிகளாவது வேண்டும். ஆக, மில்லிமீட்டருக்கு 53 ஜோடிகளுக்கு மேல் அந்த ஸ்கேனரால் உண்மையாகக் காட்ட முடியாது. ஆனால் 400 ஸ்பீட் ஃபிலிமின் கிரெய்னில் 80 ஜோடி அளவுக்கு நுணுக்கம் தாராளமாக உண்டு. லென்ஸ் கூர்மையாக இருந்தால் அதுவும் சென்சாருக்கு வந்து சேரும். வந்தது மறைந்துபோவதில்லை, மடங்குகிறது: 106-இல் 80 போக 26. அதாவது 80 ஜோடியாக இருந்த கிரெய்ன் 26 ஜோடியாக, மூன்று மடங்கு பெரிதாகப் பதிகிறது. 8×12 பிரிண்ட் என்பது நெகட்டிவை ஏறக்குறைய 8 மடங்கு பெரிதாக்குவது. உண்மையான கிரெய்ன் அதில் 0.1 மிமீ, கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. மடங்கி வந்தது 0.3 மிமீ. கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அதுதான் எங்கள் வானத்து ரவை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன் பரப்பளவுக்குள் விழுகிற ஒளியை ஓரளவு சராசரி செய்துகொள்கிறது. அதனால் அந்த 80 ஜோடி முழு பலத்தோடு வராது, மூன்றில் ஒரு பங்குதான் தப்பி வரும். ஆனால் வானம் மாதிரி வேறெதுவும் இல்லாத இடத்தில் அந்த ஒரு பங்கே போதும், பளிச்சென்று தெரிய.

இப்போது 7200-க்கு வருவோம். மில்லிமீட்டருக்கு 283 புள்ளிகள், எனவே 141 ஜோடி வரை மடங்காமல் பிடிக்கலாம். அதன் லென்ஸோ அவ்வளவு நுணுக்கத்தைத் தருவதே இல்லை. பெட்டியில் இருக்கும் எண்ணில் ஏறக்குறைய பாதிதான் உண்மையான தெளிவு. விளம்பரத்தை நம்பி வாங்கியவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது வரம். 141-க்கு மேல் இருப்பதை லென்ஸே கரைத்துவிடுகிறது, மடங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. கூர்மையான லென்ஸும் குறைவான புள்ளிகளும் சேர்ந்தால் ரவை. சுமாரான லென்ஸும் ஏராளமான புள்ளிகளும் சேர்ந்தால் வழுவழு.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். 7200 ஸ்கேன் பெரிதாக இருக்கிறதே என்று மென்பொருளில் 3600-ஐத் தேர்ந்தெடுத்தேன். ரவை கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. குறைந்த டிபிஐ கேட்டால் சில ஸ்கேனர்கள் பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி செய்து தருவதில்லை, ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. அப்படி எறிந்தால் கரையாத நுணுக்கம் மறுபடி மடங்கும். உங்கள் ஸ்கேனர் என்ன செய்கிறது என்று அறிய வழி எளிது. வானமோ வெறும் சுவரோ உள்ள ஒரே ஃப்ரேமை 3600-இல் நேரடியாக ஒருமுறையும், 7200-இல் ஒருமுறையும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் பாதியாகக் குறைத்து, இரண்டையும் 100 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது சொரசொரப்பாக இருந்தால் உங்கள் ஸ்கேனர் எறிகிற ரகம்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. எப்போதும் 7200, 16 பிட் டிஃப், ஸ்கேனர் மென்பொருளின் ஷார்ப்பனிங் அணைத்திருக்கும். வியூஸ்கேன் பயன்படுத்தினால் அவுட்புட் பகுதியில் `TIFF size reduction` என்பதை 2 என்று வைத்தால் போதும், அதுவே நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சராசரி செய்து சேமிக்கும். மற்ற மென்பொருள் என்றால் ஸ்கேன் முடிந்த பிறகு இமேஜ்மேஜிக்கில் ஒரு வரி:

```
magick vaanam.tif -filter Box -resize 50% vaanam_3600.tif
```

ஷார்ப்பனிங் இதற்குப் பிறகுதான். முன்னாலேயே போட்டால் கிரெய்னுக்குத்தான் கூர் தீட்டுவோம். விலை என்ன? 7200-இல் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 69 மெகாபிக்சல், 400 எம்பி-க்கு மேல் போகும். 36 ஃப்ரேம் ரோல் ஒன்று 15 ஜிபி. பாதியாக்கினால் ஃப்ரேமுக்கு 104 எம்பி ஆகிவிடும், பெரியதை அழித்துவிடுகிறேன். நேரம்தான் உண்மையான செலவு. ஒரு ரோலுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

பழைய ஸ்கேனரிலேயே சரிசெய்ய முடியாதா என்று நிறைய முயன்றேன். ஒரே ஃப்ரேமைப் பலமுறை படித்துச் சராசரி செய்யும் வசதி அதில் உண்டு. 16 முறை படித்தும் ரவை அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே, அது சென்சாரின் இரைச்சலைத்தான் குறைக்கும். கிரெய்ன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதேபோல மடங்கும். நெகட்டிவைச் சட்டத்தில் மயிரிழை நகர்த்தி மறுபடி ஸ்கேன் செய்தபோதுதான் ரவையின் வடிவம் மாறியது, தூசியும் கீறலும் மாறவில்லை. சந்தேகம் தீர்ந்தது அப்போதுதான். 2700 ஸ்கேனைப் பிறகு மென்பொருளில் 5400 ஆக்குவதும் வீண், மடங்கியது மடங்கியதுதான். கிரெய்னை அழிக்கும் வடிகட்டிகளையும் போட்டேன். வானம் சுத்தமாயிற்று, கூடவே அம்மாவின் பட்டுப்புடவை ஜரிகை மெழுகில் தோய்த்தது மாதிரி ஆகிவிட்டது. மடங்கிய கிரெய்னும் ஜரிகையின் நெசவும் இப்போது ஒரே அளவில் இருப்பதால் வடிகட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒளியும் ஒரு காரணம். நேர்க்கற்றையாக விழும் கடினமான வெளிச்சம் கிரெய்னைத் துருத்திக் காட்டும், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இன்னும் அதிகம். மினோல்டாவின் 5400 டிபிஐ ஸ்கேனரில் இதற்கென்றே ஒளியைப் பரப்பிவிடும் ஒரு தகடு இருந்தது, ‘கிரெய்ன் டிசால்வர்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

கேமரா விஷயத்தில் எனக்கு அனுபவம் இரண்டு ரோல் மட்டும், அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா, 1:1 மேக்ரோ லென்ஸ், கீழே எல்ஈடி பலகை. 36 மில்லிமீட்டருக்கு 6000 புள்ளிகள், அதாவது சுமார் 4200 டிபிஐ, 83 ஜோடி வரை பிடிக்கும். நல்ல மேக்ரோ லென்ஸ் f/5.6-இல் அதற்கு மேலும் தரும், ரவை வரும். வந்தது, அதுவும் கலர் கலராக. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும் பார்ப்பதால் நிறங்களின் அளவில் புள்ளிகள் இன்னும் குறைவு.

ஆனால் கேமராவில் ஸ்கேனரில் இல்லாத ஒரு பிடி இருக்கிறது: அப்பர்ச்சர். 1:1-இல் f/11 வைத்தால் லென்ஸ் நடைமுறையில் f/22 ஆக வேலை செய்யும். பச்சை ஒளிக்கு அந்த அளவில், சிறிய துளை வழியே ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவு ஏறக்குறைய 83 ஜோடியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சென்சாரின் எல்லையும் 83! வழக்கமாக மேக்ரோவில் f/11 கூடாது, படம் மழுங்கும் என்பார்கள். மழுங்கத்தான் செய்யும், பிறகு ஷார்ப்பனிங்கில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். மடங்கிய கிரெய்னை அப்படி மீட்க முடியாது. எனக்கு f/8-ஐவிட f/11-இல் வானம் கண்கூடாக நன்றாக வந்தது. சென்சாரைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துச் சேர்க்கும் பிக்சல் ஷிஃப்ட் உள்ள கேமரா வைத்திருப்பவர்களுக்கு நிறப்புள்ளித் தொல்லையும் இருக்காது. ஒரு ரோலை இருபது நிமிடத்தில் முடிக்கலாம். நெகட்டிவைத் தட்டையாக, சென்சாருக்கு நேர் இணையாக நிறுத்தும் வித்தை எனக்குக் கைவரவில்லை, மூலைகள் மழுங்கின. அது கைவந்தவர் என் பேச்சைக் கேட்காமல் கேமராவுக்கே போகலாம்.

பழைய 2700-ஐச் சித்தப்பா கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பதெல்லாம் 100 ஸ்பீட் ரோல்கள், பிரிண்டும் போஸ்ட்கார்டு அளவைத் தாண்டாது. கிரெய்ன் சன்னம், பெரிதாக்குவது 4 மடங்குதான், அவருக்கு ரவை தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன், காசு எதுவும் கேட்கவில்லை.