சத்தம் இருக்கிறது, சொல் புரியவில்லை: நான்கறை வீட்டு ஹாலில் 14 மாத அனுபவம்

புதிதாகச் சாவி வாங்கிய வீவக வீடுகளில் இந்தக் குறை சகஜம். தரையில் டைல்ஸ், சுவரில் வெள்ளைப் பெயின்ட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி சன்னல், அதில் ரோலர் பிளைண்ட், நடுவில் தோல் சோபா. பார்க்க அழகாக இருக்கும். வசந்தம் செய்தியைப் போட்டால் வாசிப்பவரின் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ஒலியைக் கூட்டினாலும் பயன் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் குரல் எவ்வளவு கூடுகிறதோ, சுவரில் பட்டுத் திரும்பும் முழக்கமும் அதே அளவு கூடுகிறது.

தமிழ் வசனத்துக்கு இது கூடுதல் இடைஞ்சல். 'படு', 'பட்டு' இரண்டையும் காது பிரித்தறிய உதவுவது, 'ட்ட' ஒலிக்குமுன் நாக்கு ஒட்டி நிற்கும் அந்தச் சிறு மௌனம். எதிரொலிக்கும் அறையில் 'ப' என்ற உயிர்மெய்யின் வால் அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. ஒற்று கரைகிறது, சொல் குழைகிறது.

இங்கே பேசப்படும் ஹால் 4.5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம். ஏறத்தாழ 41 கன மீட்டர். சத்தம் நின்றபின் முழக்கம் அடங்க ஆகும் ஒலிப்பு நேரத்துக்கான சேபைன் சூத்திரம் எளியது: கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையில் ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். சோபா, இரண்டு பேர், சில சாமான்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 6 சதுர மீட்டர் அளவுக்குத்தான் விழுங்கும். அதனால் ஒலி அடங்க 1.1 விநாடி ஆகிறது. பேச்சு தெளிவாக இருக்க, வீட்டு அறையில் இது 0.5 விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். அதாவது விழுங்கும் பரப்பு ஏறத்தாழ 13 ஆக உயர வேண்டும்.

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். படுக்கையறை மெத்தையை ஹாலுக்கு இழுத்து வந்து சுவரில் சாய்த்துவிட்டு, அதே செய்தியைத் திரும்பக் கேளுங்கள். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சேபைனும் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து வைத்துத்தான் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். அமரும் இடத்தில் கைப்பேசியை வைத்து, மெத்தை இல்லாமல் ஒருமுறை, மெத்தையோடு ஒருமுறை பதிவு செய்து இயர்போனில் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நேரில் கேட்கும்போது இரண்டு காதும் சேர்ந்து முழக்கத்தை ஓரளவு ஒதுக்கிவிடும். ஒற்றை மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது.

முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரின் இடம், ஏனென்றால் அதற்குச் செலவில்லை. சவுண்ட்பார் டிவி மேசையின் அடுக்குக்குள் இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியே குரலின் கீழ்ப்பகுதியைப் பெருக்கி 'பூம்' என்று ஆக்கும். மேசைமேல் வைத்தாலும் பின்னால் தள்ளி வைத்தால், முன்னாலுள்ள பலகையில் ஒலி பட்டுத் தெறித்து நேரொலியோடு மோதும். சவுண்ட்பாரின் முகம் மேசை விளிம்போடு சமமாக இருக்கட்டும். மேசை தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தின் அடியில் ரப்பர்த் துண்டு வைத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தலாம். இரண்டு தனி ஸ்பீக்கர் என்றால் மூலையிலிருந்து விலக்கி, உயர்சுருதி ஸ்பீக்கரை உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு, ஏறத்தாழ 95 செண்டிமீட்டரில் வைக்க வேண்டும். 'சரவுண்ட்', '3டி' போன்ற முறைகளை அணைத்துவிடுங்கள். அவற்றில் பல பக்கச்சுவரில் ஒலியை அடித்துத் திருப்புகின்றன. வெறுஞ்சுவர் அறையில் அது நெருப்புக்கு நெய்.

சோபாவும் நகர வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து 3.5 மீட்டரில் இருந்த சோபா 2.5 மீட்டருக்கு வந்தால் நேரொலி 3 டெசிபெல் கூடும். முழக்கமோ அறையெங்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தலைக்குப் பின்னால் உடனே சுவர் இருப்பதும் இப்படி நீங்கும். இந்த ஹாலில் இவ்வளவு மட்டும் செய்தபோதே செய்தி புரிந்தது. ஆனால் படத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினாலோ பின்னணி இசை ஏறினாலோ பழைய குழப்பம்தான்.

அடுத்து சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே 2க்கு 3 மீட்டர் அளவில் தடித்த கம்பளம், அடியில் ஃபெல்ட் விரிப்பு. கணக்குப்படி 2 சதுர மீட்டர் கூடி, ஒலிப்பு நேரம் 0.8 விநாடிக்கு இறங்குகிறது. பெரிய மாற்றம் திரைச்சீலையில்தான் வந்தது. 3.5 மீட்டர் சன்னல் சுவர் முழுவதையும், கூரையிலிருந்து தரைவரை மூடும் கனத்த துணி. மடிப்பு விழ இருமடங்கு, அதாவது 7 மீட்டர் அகலத் துணி. கண்ணாடியிலிருந்து 10 செண்டிமீட்டர் இடைவெளி. மடிப்பில்லாமல் தட்டையாகத் தொங்கவிட்டால் பாதிப் பலன்கூட வராது, ரோலர் பிளைண்ட் கணக்கிலேயே வராது. இதனால் 4.4 சதுர மீட்டர் கூடி 0.53 விநாடி ஆயிற்று. செலவில் இதற்கே முதலிடம் தருவேன். (சன்னலைத் திறந்து வைத்தால் ஒலி வெளியே போய்விடும் என்பதும் உண்மைதான், சேபைனே அளவுக்குத் திறந்த சன்னலைத்தான் அலகாகக் கொண்டார். ஆனால் விரைவுச்சாலை இரைச்சல் உள்ளே வந்துவிடும்.)

மிச்சம் இருந்தது 'டர்ர்ர்' என்ற ஒலி. கை தட்டினால் பக்கச்சுவர்கள் இரண்டுக்கும் இடையே ஒலி போய்த் திரும்ப 20 மில்லிவிநாடி. இப்படி விநாடிக்கு 50 முறை மோதி ஒரு கம்பி அதிர்வது போலக் கேட்கும். இதைத் தடுக்க, அமர்ந்திருப்பவர் பார்க்க, இன்னொருவர் பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே 60க்கு 120 செண்டிமீட்டர், 5 செண்டிமீட்டர் தடிமனில் துணி போர்த்திய ராக்வூல் எனும் பாறைப்பஞ்சுப் பலகை ஒன்று. எதிர்ச்சுவரில் புத்தகம் ஒழுங்கில்லாமல் அடுக்கிய அலமாரி போதும்.

2.5 செண்டிமீட்டர் ஸ்பஞ்ச் ஓடுகளை மட்டும் வாங்காதீர்கள். அவை 'ச', 'ஸ' போன்ற மேலொலிகளைத்தான் விழுங்கும். கீழே நிற்கும் முழக்கத்தைத் தொடாது. அறை மந்தமாகும், வசனம் தெளியாது. போதாக்குறைக்கு நம் ஊர் ஈரப்பதத்தில் 5 மாதத்தில் ஒட்டுப்பசை விட்டு, பெயின்டையும் உரித்துக்கொண்டு கீழே விழுந்தன.

14 மாதத்தில் கம்பளத்தின் இழை நடைபாதையில் அமுங்கியது. ஒலியில் வேறுபாடு தெரியவில்லை. மழைச்சாரல் படும் பக்கத்தில் திரைச்சீலையின் கீழ்விளிம்பில் கரும்புள்ளிப் பூசணம் வந்தது. இப்போது விளிம்பு தரையிலிருந்து 2 செண்டிமீட்டர் தூக்கித் தைக்கப்பட்டிருக்கிறது, கம்பளம் மாதம் ஒருமுறை சோபா முதுகில் போட்டுக் காற்றாடுகிறது. பட்டாசும் வெடியும் வரும் காட்சிகளில் மூலையில் தேங்கும் அடியொலி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. துணிக்கும் கம்பளத்துக்கும் அது கட்டுப்படாது. அதற்குச் சவுண்ட்பார் அமைப்பில் பேஸை இரண்டு படி குறைத்திருக்கிறது.