கோணல் மனைத் தளத்துக்குக் கான்கிரீட் கணக்கு: முக்கோணமா, சரிவகமா?

காவேரிப்பட்டணத்தில் நாங்கள் கட்டும் வீட்டின் மனை மேற்கே சாய்ந்த நாற்கரம். தளம் போடும் முன் அளந்தபோது தெற்குப் பக்கம் 28 அடி, கிழக்கு 26, வடக்கு 25, மேற்கு 25 என்று வந்தன. கனம் 5 அங்குலம். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினால் போதும் என்றார் மேஸ்திரி. அப்படிச் செய்தால் 26.5 × 25.5, அதாவது ஏறத்தாழ 676 சதுர அடி. சாய்ந்த பக்கத்தின் நீளத்தை உயரமாக எடுத்துக்கொள்வதால் இது எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஆகவே அதை விட்டுவிட்டேன்.

சரிவக முறையில் தெற்குப் பக்கத்தை அடிக்கோடாகக் கொண்டு, எதிர் மூலைகளிலிருந்து செங்குத்து இறக்க வேண்டும். வடகிழக்கு மூலையின் செங்குத்து 24 அடி. வடக்கும் தெற்கும் இணையாக இருந்தால் (28 + 25) ÷ 2 × 24 = 636 சதுர அடி என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இணைதானா என்று அறிய வடமேற்கு மூலையிலிருந்தும் செங்குத்து இறக்கியாக வேண்டுமே! அது தென்மேற்கு மூலைக்கு 7 அடி வெளியே, பலகை இல்லாத வெறும் காற்றில் போய் விழுந்தது. சென்ட்ரிங் மேல் நின்றுகொண்டு அந்தப் புள்ளியைப் பிடிக்க வழியில்லை. மூலைமட்டம் வைத்தாலும், 2 அடி நீளமுள்ள அதன் கையில் உள்ள சிறு பிசகு 24 அடி தாண்டும்போது பெரிதாகிவிடுகிறது.

முக்கோண முறைக்குச் செங்கோணமே தேவையில்லை, டேப் மட்டும் போதும் என்பதே நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம். தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குக் குறுக்கே 30 அடி. ஒரு முக்கோணம் 26, 28, 30. சுற்றளவில் பாதி 42. அதிலிருந்து 30, 28, 26 என்ற பக்கங்களைத் தனித்தனியே கழித்தால் 12, 14, 16. ஆகவே பரப்பு √(42 × 12 × 14 × 16) = 336. மற்றது 25, 25, 30; √(40 × 10 × 15 × 15) = 300. இரண்டும் சேர்ந்து 636 சதுர அடி. அதை 5/12 ஆல் பெருக்கினால் 265 கன அடி, அதாவது 7.5 கன மீட்டர். மேஸ்திரி கணக்கில் இது 8 கன மீட்டரை நெருங்கியிருக்கும். பீம்களின் கீழ்ப்பகுதியும் சேதாரமும் இதில் சேராது. அவற்றைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

குறுக்களவில் இரண்டு உண்டு, குட்டையானதையே எடுங்கள். இந்தத் தளத்தில் 30 அடிக் குறுக்கில் 3 அங்குலம் பிசகினால் பரப்பு சுமார் 2.7 சதுர அடி மாறும். நீளமான குறுக்கில் அதே பிசகு 3.8 சதுர அடியாகிறது, ஏனெனில் அது வெட்டும் முக்கோணங்கள் தட்டையானவை. எனினும் நீளமானதையும் அளந்து பார்த்தேன்: 42 அடி 5 அங்குலம். அதை வைத்துக் கணக்கிட்டபோதும் பரப்பு ஏறத்தாழ 636 என்றே வந்தது. இரண்டு விடைகளும் வெகுவாக விலகியிருந்தால் ஏதோ ஒரு பக்கத்தையோ குறுக்கையோ தவறாக அளந்திருக்கிறோம் என்று பொருள், டேப் தொய்ந்திருக்கலாம்.

வளைந்த ஓரத்துக்கு மட்டும் சரிவகமே பொருந்தும் என்று நினைக்கிறேன், அடிக்கு அடி செங்குத்து எடுத்து வளைவைப் பட்டை பட்டையாகப் பிரித்துவிடலாம். ஆனால் நான் அப்படி அளந்தது ஒரே ஒரு பால்கனிதான்.