சோலார் மானியம் நிலுவை: போர்ட்டல் புகாரா, மின் வாரியத்துக்குக் கடிதமா?

மாடியில் 3 கிலோவாட் சோலார் ஓடுகிறது, நெட் மீட்டரும் மாட்டியாகிவிட்டது, மானியம் மட்டும் வந்து சேரவில்லை. இந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. பிஎம் சூர்ய கர் போர்ட்டலில் புகார் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். இல்லையென்றால் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஆவணங்களோடு கடிதம் கொடுக்கலாம். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு கடிதத்துக்குத்தான்.

போர்ட்டல் புகாரில் அலைச்சல் இல்லை, புகார் எண்ணும் கிடைக்கும். ஆனால் 'மானியம் வரவில்லை' என்று மட்டும் எழுதினால், எந்தக் காகிதத்தில் சிக்கல் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

கடிதம் என்றதும் பலர் 'மானியத்தை விடுவிக்க வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "அது எங்க கையில இல்லீங்க" என்று பதில் வந்தால் அது உண்மைதான். இது மத்திய அரசின் பணம். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 வரை நேராக நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வாரியத்தின் பொறுப்பு, ஆய்வு செய்து, இணைப்பு இயக்கத்துக்கு வந்ததைப் போர்ட்டலில் பதிவு செய்வது. அது முடிந்த பிறகுதான் வங்கி விவரம் கொடுத்து நாம் மானியம் கோர முடியும். அதனால் கடிதத்தில் கேட்க வேண்டியது இதுதான்: 'பணி நிறைவு ஆவணங்களைச் சரிபார்த்து, ஆய்வு அறிக்கையைப் போர்ட்டலில் பதிவேற்றி, மானியம் விடுவிக்கப்பட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' பொருள் வரியிலேயே மின் இணைப்பு எண்ணும் போர்ட்டல் விண்ணப்ப எண்ணும் இருக்கட்டும்.

அதன்கீழே வரும் இணைப்புப் பட்டியல்தான் கடிதத்தின் உயிர். பணி நிறைவு அறிக்கை, நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், பில், பேனல்கள் உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்கான டிசிஆர் சான்று, நெட் மீட்டர் ஒப்பந்தம், மீட்டர் சோதனை அறிக்கை, பேனல்களோடு உரிமையாளர் நிற்கும் படம், ரத்து செய்த காசோலை. ஆவணத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பக்கத்திலேயே அதிலுள்ள எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். 'டிசிஆர் சான்று, 540 வாட் பேனல் 6, வரிசை எண்கள் தனித்தாளில்' என்கிற மாதிரி.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டியலுக்காக மாடிக்குப் போய் வரிசை எண்களைப் படித்தேன். பேனலின் பின்புற ஸ்டிக்கருக்குக் கை எட்டாவிட்டாலும், கண்ணாடிக்குள் ஓரமாக ஒட்டிய பார்கோடின் கீழே அதே எண் இருக்கும். ஐந்து பேனல்கள் சான்றோடு ஒத்துப்போயின, ஆறாவது போகவில்லை. பொருத்தும்போது விரிசல் விட்ட ஒன்றை நிறுவனம் மாற்றிவிட்டு, சான்றைப் பழையபடியே விட்டிருந்தது. மாற்றிய பேனலும் டிசிஆர் வகைதான், ஆனாலும் காகிதத்தில் அது இல்லை. திருத்திய சான்று வாங்கி இணைத்த பிறகே கடிதத்தைக் கொடுத்தேன். வெறும் புகார் பதிந்திருந்தால் இந்த முரண் கண்ணில் பட்டே இருக்காது.

கொள்ளளவையும் இதே கையோடு பார்த்துவிடலாம். ஆறு பேனல் சேர்ந்தால் 3.24 கிலோவாட், இன்வெர்ட்டர் 3 கிலோவாட். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம் என்பதால் கணக்கு 3-இல் நிற்கும், முழு 78,000 கிடைக்கும். பேனல் 3.24 என்றாலும் இன்வெர்ட்டர் 2 கிலோவாட் என்றால் 60,000 ரூபாய்தான்.

பெயரும் ஒத்துப்போக வேண்டும். மின் இணைப்பு அப்பா பெயரிலும் வங்கிக் கணக்கு மகன் பெயரிலும் இருந்தால் கடிதத்தால் தீராது, முதலில் இரண்டையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர வேண்டும். அடுக்ககப் பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 என்று விகிதமே வேறு. அங்கே சங்கத்தின் சார்பில் கடிதம் கொடுத்த அனுபவம் எனக்கில்லை, என் சிபாரிசைத் தனி வீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு செயற்பொறியாளரிடம் போக நேர்ந்தால் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.

போர்ட்டல் முந்துகிற இடமும் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். ஆய்வுக் கட்டத்திலேயே நிற்கிறது என்றால் கடிதம். ஆய்வு முடிந்து, மானியக் கோரிக்கையும் அனுப்பிய பிறகு நிற்கிறது என்றால் பிரிவு அலுவலகத்தால் செய்யக்கூடியது அதிகமில்லை. வங்கி விவரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போர்ட்டலிலேயே புகார் பதியுங்கள்.