வினா வங்கி, பாடப்புத்தகம், வீடியோ: மூன்று தேர்வுகள் எழுதிய பின்

இரண்டு ஆண்டுகளில் மூன்று மருத்துவத் தேர்வுகள் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ரிவிஷனுக்குக் கிடைத்தது ஐந்தாறு வாரம்தான். முதல் தேர்வுக்கு வீடியோ, இரண்டாவதற்குப் புத்தகம், மூன்றாவதற்கு வினா வங்கி என்று ஒவ்வொன்றாக நம்பிப் பார்த்தவன் நான்.

வீடியோவின் கணக்கே தவறு. 40 நிமிட வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 27 நிமிடத்தில் முடிய வேண்டும். நிறுத்தி, பின்னால் இழுத்து, குறிப்பெடுத்து முடித்தபோது எனக்கு 50 நிமிடம் ஆனது. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, மறுநாள் வெள்ளைத்தாளை எடுத்தால் நான்கு வரிக்கு மேல் வரவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததும் அதே கதைதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். நான் அந்த ஐந்து நிமிட வெற்றியை நம்பி ஒரு தேர்வையே கோட்டைவிட்டேன்.

அதனால் மூன்றாவது தேர்வுக்கு வினா வங்கியிலிருந்து தொடங்கினேன். தினமும் 40 கேள்விகள், நேரம் வைத்து. பதிலளிக்க 50 நிமிடம், திருத்திப் பார்க்க ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டாவது பகுதியைச் சுருக்கினால் வினா வங்கி வெறும் சூதாட்டம்.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளி, கீட்டோஅசிடோசிஸ், சோர்ந்து கிடக்கிறார். சோடியம் 140, குளோரைடு 104, பைகார்பனேட் 12, தமனி ரத்தத்தில் pH 7.15, கார்பன் டை ஆக்சைடின் அளவான PaCO2 36. ஆனயான் கேப் 140 − (104 + 12), அதாவது 24. கேப் கூடிய மெட்டபாலிக் அசிடோசிஸ் என்று குறித்துவிட்டு நகர்ந்தேன். தவறு. PaCO2 36 என்பது நார்மல் வரம்புக்குள் இருப்பதால் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

விளக்கத்தில், பைகார்பனேட்டை வைத்து PaCO2 எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் விண்டர்ஸ் சூத்திரம் மட்டும் இருந்தது: 1.5 × 12 + 8, அதாவது 26, இரண்டு கூடலாம் குறையலாம். சரி, அதனால் என்ன? 26 ஏன் வர வேண்டும் என்ற காரணம் அங்கே இல்லை. புத்தகத்தில் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் திறந்தேன், கால்மணி நேரம். ரத்தம் அமிலமானால் நுரையீரல் வேகமாக மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும். இவருக்கு அது 26க்கு இறங்கியிருக்க வேண்டும், 36இலேயே நிற்கிறது. அப்படியென்றால் மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டிருக்கின்றன, கூடவே ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் சேர்ந்திருக்கிறது. நார்மலாகத் தெரிந்த எண்தான் இங்கே ஆபத்தின் அடையாளம். அதே தலைப்பில் என்னிடமிருந்த வீடியோவில் இந்த இடம் 38ஆவது நிமிடத்தில் வந்தது.

அன்றிலிருந்து தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து எழுதினேன். தெரியவில்லை என்றால் ‘தெ’, இரண்டைக் குழப்பிக்கொண்டேன் என்றால் ‘கு’, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்றால் ‘ப’. ‘தெ’ மட்டும்தான் புத்தகத்துக்குப் போகும், அதுவும் அந்தப் பக்கத்துக்கு மட்டும். ‘கு’வுக்கு இரண்டையும் எதிரெதிரே எழுதிய ஒரு சிறு அட்டவணை. ‘ப’வுக்குப் படிப்பு எதுவும் தேவையில்லை, கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசிக்கும் பழக்கம் போதும்.

வீடியோவை முழுதாகத் தூக்கிப்போடவில்லை. இதய முணுமுணுப்பு ஒலிகளை எந்தப் புத்தகமும் காதில் போடாது. நரம்பியல் பரிசோதனையில் கை எங்கே போகிறது என்பதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலியும் அசைவும் உள்ள இடத்துக்கு மட்டும், ஐந்து பத்து நிமிடத் துண்டாகப் பார்த்தேன்.

வினா வங்கியும் ஏமாற்றும். இரண்டாவது சுற்றில் என் மதிப்பெண் 60 சதவீதத்திலிருந்து 85க்குத் தாவியது. சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: முதல் வரியைப் பார்த்ததுமே ‘இதற்கு C’ என்று கை போகிறது. நினைவில் இருந்தது கேள்வி, பாடமில்லை. அப்புறம் எண்களை நானே மாற்றிப் போட்டேன். மேலே சொன்ன நோயாளிக்கு PaCO2 20 என்றால்? எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அப்போது சேர்ந்திருப்பது ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ். இதற்குத் தடுமாறினால் பழைய சரியான பதிலுக்கு மதிப்பில்லை.

இன்னொன்று, ஒரு பாடத்தில் 40 கேள்விக்கு 15கூடச் சரியாக வராவிட்டால், பெரும்பாலும் ‘தெ’வாகவே இருந்தால், நான் வினா வங்கியை மூடிவிடுவேன். எண்டோகிரைன் எனக்கு அப்படித்தான் இருந்தது. விளக்கங்களைத் துண்டு துண்டாகப் படித்து மூன்று நாள் வீணான பிறகு, புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த 40இல் 26 சரி, மீதியில் பாதிக்கு மேல் ‘கு’.