சென்ட் பாட்டிலுக்கு ஓர வெளிச்சம்: பின்னால் கறுப்பு அட்டையா, இரண்டு பக்கமும் டிரேசிங் பேப்பரா?

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, பெல்ட், பர்ஸ் எடுத்துப் பழகியவர்கள் கையில் ஒரு கண்ணாடி சென்ட் பாட்டிலைக் கொடுத்தால் முதல் வேலையாக தோலுக்குச் செய்வதையே அதற்கும் செய்வார்கள். முன்பக்கம் சாய்வாக ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், எதிரே ஒரு தெர்மாகோல். தோல் அந்த வெளிச்சத்தை வாங்கி எல்லாத் திசையிலும் சிதறவிடும், படம் வந்துவிடும். கண்ணாடியில் நேராக விழும் வெளிச்சத்தில் ஒரு பரப்புக்கு 4 சதவீதம் போலத்தான் திரும்பி வரும், மீதி உள்ளே போய் மறுபக்கம் வெளியேறிவிடும். அதனால் பாட்டிலைச் சுற்றி எங்கே வெள்ளை இருக்க வேண்டும், எங்கே கறுப்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இங்கே மொத்த வேலையும்.

பின்னணி இருட்டு என்றால் பாட்டிலின் ஓரம் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பாட்டில் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அந்த வெள்ளைக் கோட்டை வரவைக்க நடைமுறையில் இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஒரே பாட்டிலை வைத்து இரண்டையும் பார்ப்போம். வேலூர் லாங் பஜாரில் சென்ட், அத்தர் விற்கும் கடைக்காரர் ஒருவர் கொடுத்த பாட்டில் அது: 50 மில்லி, சதுரம், மூடியோடு சேர்த்து 10 செ.மீ. உயரம், அடிக்கண்ணாடி தடிமன், உள்ளே தேன் நிறத்தில் சென்ட், தங்க நிற மூடி, முன்பக்கம் தங்க எழுத்து. கிராப் சென்சார் கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், பாட்டிலுக்கு 70 செ.மீ. தூரத்தில். ISO 100, f/11, 1/160.

முதல் வழி கறுப்பு அட்டை. பாட்டிலுக்குப் பின்னால் 60க்கு 90 சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, கேமராவைப் பார்த்து. அதற்கும் பாட்டிலுக்கும் நடுவில், பாட்டிலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, கறுப்பு சார்ட் ஒட்டிய அட்டை. அட்டையின் அளவுதான் இதில் எல்லாம். ஃப்ரேமில் தெரிகிற பின்னணியை முழுக்க மறைத்து, அதைத் தாண்டி கொஞ்சமே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே சொன்ன தூரங்களுக்கு 25க்கு 18 செ.மீ. போல வரும். பாட்டிலின் தட்டையான முன்பக்கம் நேரே அட்டையைப் பார்ப்பதால் கறுப்பாகவே இருக்கும். ஓரத்தில் கண்ணாடி வளைகிற இடம் மட்டும் அட்டைக்கு வெளியே நிற்கிற வெளிச்சத்தை வளைத்து லென்ஸுக்குள் அனுப்பும். அதுதான் அந்த வெள்ளைக் கோடு. அட்டையைப் பெரிதாக்கினால் கோடு மெலியும். சிறிதாக்கினால் தடிக்கும், கூடவே லென்ஸுக்குள் நேராக வெளிச்சம் புகுந்து கறுப்பு சாம்பலாகும், ஹூட் போட்டாலும் முழுசாகத் தப்பாது.

இந்த வழியின் பலம், வெளிச்சம் நாலு பக்கத்திலிருந்தும் வருவது. தோள், கழுத்து, அடிக்கண்ணாடி என்று கோடு எங்கேயும் அறுபடாமல் ஒரு சுற்று வந்துவிடும், அதுவும் ஒரே லைட்டில். வீட்டு ஹாலில் எடுப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆனால் கிரேடியன்ட் கேட்டால் இங்கேதான் திணறல். பின்னணியாகத் தெரிவது அந்தச் சின்ன அட்டை மட்டும்தான். அதில் வெளிச்சச் சரிவு வேண்டுமென்றால் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிற அட்டை வைத்து, மேலிருந்து சார்ட்டைக் குழலாகச் சுற்றிய ஸ்பீட்லைட்டால் அட்டையை உரசுகிற மாதிரி அடிக்க வேண்டும். வரும், வராமல் இல்லை. ஆனால் இடம் போதாததால் மேல் விளிம்பில் சுள்ளென்று ஒரு வெள்ளை, நாலு விரற்கடை தள்ளினால் இருட்டு. அட்டையின் சொரசொரப்பும் அந்த உரசலில் எழுந்து நிற்கும்.

இன்னொரு குறை, உள்ளே இருக்கிற சென்ட். லாங் பஜார் கடைக்காரர் இந்தப் படத்தைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "தம்பி, ஓரம் சூப்பரா இருக்கு, உள்ள இருக்கிற சென்ட்டு எங்கப்பா?" நியாயமான கேள்வி. தேன் நிறத் திரவத்துக்குப் பின்னால் கறுப்பு இருந்தால் திரவமும் கறுப்புதான். பாட்டிலைவிடக் கொஞ்சம் சிறிதாக வெள்ளி ஃபாயில் ஒட்டிய அட்டையை வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் கம்பியில் சாய்த்து நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்புவது பழைய உத்தி. அந்த அட்டையின் விளிம்பு கண்ணாடிக்குள் தெரியாமல் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரண்டாவது வழி, பாட்டிலின் இரு பக்கமும் டிரேசிங் பேப்பர். ஃப்ரேமுக்கு வெளியே, பாட்டிலிலிருந்து 15 செ.மீ. தள்ளி, ஒரு பக்கத்துக்கு ஒரு தாள், மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஒட்டியது. தாளின் முன் விளிம்பு பாட்டிலைத் தாண்டி கேமரா பக்கம் வராமல், பாட்டிலின் முதுகை ஒட்டித் தொடங்கி பின்னால் போக வேண்டும். தாளுக்கு வெளியே 30, 40 செ.மீ. தள்ளி லைட். பின்னணிக்குத் தனியாக, ஒன்றேகால் மீட்டர் பின்னால் அடர் சாம்பல் தாள் ஒன்று, மேசைக்குக் கீழே ஒளித்து வைத்த ஸ்பீட்லைட் அதன்மேல். பின்னணிக்கு கறுப்புத் தாள் வேண்டாம், அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். துணி வைத்தால் மடிப்பு தெரியும்.

சாஃப்ட்பாக்ஸையே பக்கத்தில் வைத்தால் போதாதா, எதற்கு நடுவில் தாள் என்று கேட்பார்கள். கண்ணாடி சாஃப்ட்பாக்ஸை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்: நான்கு மூலை, நடுவில் பல்பு இருக்கிற சூடான வட்டம், துணியின் சுருக்கம் எல்லாம். தாளை வைத்தால் பாட்டில் பார்ப்பது தாளில் விழுந்த வெளிச்சத்தை மட்டுமே, அதன் வடிவம் நம் கையில். லைட்டை தாளுக்குக் கிட்டே கொண்டுபோய் பின் விளிம்பை நோக்கித் திருப்பினால் பளபளப்பு ஒரு பக்கம் கூர்மையாக நின்று மறுபக்கம் மெல்ல இருட்டில் கரையும். விலை உயர்ந்த சென்ட் விளம்பரங்களில் பார்க்கிற அந்தக் கரைசல் இப்படித்தான் வருகிறது. தள்ளி வைத்தால் டியூப்லைட் ஒட்டிய மாதிரி தட்டையான வெள்ளைப் பட்டை. லைட்டை ஒரு சாண் நகர்த்துவதில் இத்தனை வித்தியாசம், ஆகவே இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

அப்புறம் மின்விசிறி. மே மாதம் வேலூரில் ஃபேனை நிறுத்துவது தண்டனைதான், ஆனால் ஓடினால் தாள் படபடக்கும், ஒவ்வொரு ஷாட்டிலும் பளபளப்பு இடம் மாறும்.

சென்ட் தெரியவில்லை என்ற புகார் இந்த வழியில் தானாகவே தீர்ந்துவிடுகிறது, நான் இதன் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணமும் அதுதான். பின்னணியின் வெளிச்சமான பகுதியை பாட்டிலின் கீழ்ப்பாதிக்கு நேர் பின்னால் விழவைத்தால், சென்ட் அதை ஊடுருவி தேன் நிறத்தில் ஒளிரும். மேலே போகப் போக பின்னணி இருள்வதால் ஓரக் கோடும் மூடியும் எடுப்பாகத் தெரியும். அளவு கேட்டால், 0 முதல் 255 வரையிலான கணக்கில் ஓரக் கோடு 240ஐ ஒட்டியும், பின்னணியின் வெளிச்ச மையம் 90 பக்கமும், மூலைகள் 15 பக்கமும் இருக்கும்படி நான் வைப்பேன். மையம் அதைவிட மிகவும் ஏறினால் ஓரக் கோடு மங்கிப் போனதுபோல ஆகிவிடும்.

உருண்டை பாட்டிலாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. திரவம் நிறைந்த உருளை லென்ஸ் மாதிரி வேலை செய்து இடதை வலதாகப் புரட்டும். பின்னணி இடமிருந்து வலமாக இருண்டால் பாட்டிலுக்குள் அது தலைகீழாக, வலமிருந்து இடமாக இருளும், பார்க்கக் கண்றாவியாக இருக்கும். மேல் கீழ் புரளாது. எனவே உருளைக்கு எப்போதும் மேல் கீழ் சரிவுதான்.

இரண்டாவது வழிக்கும் குறை உண்டு. பக்கங்கள் மட்டும் மின்னும், தோளின் மேல் விளிம்பு பாதியில் அறுந்து நிற்கும். மேலே ஒரு தாள், ஒரு லைட் என்று சேர்த்தால் மூடியின் தலையில் வெள்ளை வட்டம் விழும். அந்த மேல் லைட் இல்லாமலே லைட் மூன்று வேண்டும். லென்ஸைப் பார்க்கிற பக்கமாக ஒவ்வொரு தாளின் முன் விளிம்பிலும் கறுப்பு சார்ட் பட்டை ஒட்டாவிட்டால் படம் முழுக்க வெளுப்பு படரும்.

தங்க எழுத்து இரண்டு வழியிலும் கறுத்துத்தான் போகும், ஏனென்றால் அது பார்ப்பது இருட்டான கேமரா பக்கத்தை. லென்ஸுக்கு சற்று மேலே உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை வைத்து அதன்மேல் கொஞ்சம் வெளிச்சம் போட்டால் தங்கம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், கண்ணாடி அந்த 4 சதவீதத்தை மட்டுமே அனுப்பும். எழுத்து எழும், கண்ணாடியில் பெரிதாக வெளுப்பு தெரியாது. அந்த நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு கேமராவுக்குப் பின்னால் நிற்காதீர்கள், அதுவும் தெரியும்.

தூசி இரண்டுக்கும் பொது எதிரி, ஆனால் கறுப்பு அட்டை வழியில் இரண்டு மடங்கு உறுத்தும், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் நட்சத்திரமாக மின்னும். கையுறை, மைக்ரோஃபைபர் துணி, ஊதுகுழல் பம்ப். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பவர்கள் தங்க எழுத்தைத் தொடாமல் துடையுங்கள், உரிந்து வந்துவிடும்.

ஒரு லைட் மட்டுமே இருந்து, சுத்தக் கறுப்பு போதும் என்றால் அட்டை. கிரேடியன்ட் வேண்டும், சென்ட்டின் நிறமும் தெரிய வேண்டும் என்றால் தாள், இதில் எனக்கு சந்தேகமே இல்லை. முடிந்தால் இரண்டையும் எடுங்கள்: கேமராவும் பாட்டிலும் அசையாமல், முதலில் தாள் முறையில் ஒரு ஷாட், பிறகு பின்னால் அட்டையையும் சாஃப்ட்பாக்ஸையும் நுழைத்து இன்னொன்று. போட்டோஷாப்பில் இரண்டாவதை மேலே வைத்து Lighten போட்டால் அதன் கறுப்பு மறைந்துவிடும், அறுந்து நின்ற தோள் கோடு மட்டும் வந்து சேரும். RAW கோப்பிலிருந்து 16 பிட்டில் வேலை செய்யுங்கள், இருட்டுச் சரிவில் படிப்படியாகப் பட்டை விழாமல் இருக்க கடைசியில் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். கடைக்காரருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது அமுக்குகிற அமுக்கில் அந்தப் பட்டைகள் திரும்ப வந்துவிடும்.