கலியாண ஆல்பத்துக்கு ஏ.ஐ. படம் போடச் சொல்பவர்கள் கவனம்

ஹட்டன் பக்கம் உள்ள ஒரு ஸ்டூடியோவில் என் தங்கச்சியின் கலியாண ஆல்பத்துக்கும் மண்டப பேனருக்கும் அட்வான்ஸ் கட்டினோம். மாப்பிள்ளை, பொண்ணு முகத்தை வைத்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் தாலி கட்டுவது போல ஏ.ஐ.யில் செய்து தருவதாகச் சொன்னார்கள். ப்ரூஃப் காட்டாமலே பேனரை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பார்த்ததும் அம்மா முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, முகத்தை மறைக்கும் பூச்சரம். தங்கச்சிக்குத் தலையில் முக்காடு, வகிடு நீளத்துக்குச் செந்தூரம். கையில் இருந்ததோ கருகமணிச் சங்கிலி. மஞ்சள் கயிறும் இல்லை, மூன்று முடிச்சும் இல்லை. பின்னால் நின்ற கோயிலில் வளைந்து மேலேறும் ஒற்றைக் கூம்பும் கொடியும். அது வடநாட்டுச் சிகரம், கருவறை மேல் எழும்புவது. நம்ம ராஜகோபுரம் வாசல் மேல் நிற்கும், தட்டுத் தட்டாக ஒடுங்கிப் போகும், நீண்ட உச்சியில் கலசங்கள் வரிசையாக இருக்கும். மாத்தளைக் கோபுரம் 108 அடி. அதைத் தெரியாத ஆள் மலையகத்தில் உண்டா?

திருப்பிக் கொண்டுபோனதும், "கம்ப்யூட்டர் போட்டது அண்ணே, நாங்க என்ன செய்ய" என்றார்கள். இந்தப் படக்கருவிகள் பழகிய படங்களில் 'இந்தியக் கலியாணம்' என்று இருப்பதில் பெரும்பங்கு வடநாட்டுக் கலியாணம்தான். அதனால் வெறுமனே 'இந்தியக் கலியாணம்' என்று சொன்னால் பெரும்பாலும் அதுவே வரும்.

'தென்னிந்தியா' என்று சொல்லி மறுபடி செய்தார்கள். இந்த முறை தங்கச்சி கேரளத்துக் கசவுச் சேலையில், பரதநாட்டியக்காரி போலத் தலையில் சூரியப்பிறை, சந்திரப்பிறையோடு நின்றாள். கோபுரம் வந்தது, ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் சிலைகள் மெழுகு உருகினாற்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தவில்காரர் இரண்டு கையிலும் குச்சி பிடித்திருந்தார். தவிலுக்கு ஒரு பக்கம்தான் கழி. மறுபக்கம் விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள். எங்க மாமா தவில்காரர், அவருக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அட்வான்ஸ் திரும்பவில்லை. மறுபடி செய்ததற்கும் தனியாகக் காசு கேட்டார்கள்.

கருவிக்குச் சொல்லும் வார்த்தையை எவ்வளவு திருத்தினாலும் முடிச்சுப் போடும் விரல்கள், கயிறு, கோபுரச் சிலைகள் இந்த மூன்றும்தான் அதிகம் பிழையாக வருகின்றன. ஆகவே கோயிலையும் தாலி கட்டும் கையையும் உண்மையான போட்டோவாகவே கொடுங்கள். அவற்றைத் தொடாமல் வெளிச்சத்தையும் ஓரங்களையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சேலை எப்படி, வேட்டி எப்படி என்று உங்கள் வீட்டுப் பழைய கலியாணப் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 'ப்ரூஃப் பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சு, பிழை இருந்தால் அட்வான்ஸ் திரும்ப' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் திரையில் பெரிதாக்கி, தாலியையும் தவில்காரர் கையையும் முதலில் பாருங்கள்.