வயித்து டியூப்புக்கு சிரிஞ்சா பையா, வீட்டுக் கஞ்சியா பவுடரா? அம்மாவுக்குப் பாத்த அனுபவத்துல ஒரு அலசல்

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு, அதோட விழுங்குறதும் போச்சு. முதல் நாலு வாரம் மூக்கு டியூப்தான், அதை இடது கையால எத்தனையோ தடவை இழுத்துப் போட்டாங்க. அதுக்கப்புறந்தான் டொக்டர் வயித்துல டியூப் வைக்கலாம்னு சொன்னாரு. எண்டோஸ்கோப்பி போட்டுப் பாத்துக்கிட்டே வயித்துச் சுவர் வழியா இரைப்பைக்கு நேரா ஒரு டியூப் போடுவாங்க, உள்ள ஒரு தட்டு, வெளிய ஒரு தட்டு, நடுவுல வயித்துச் சுவர், அவ்வளவுதான். அம்மாவுக்கு வச்ச டியூப்போட தடிப்பு 20 பிரெஞ்ச் சைஸ்.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு கேள்வி. எதால குடுக்குறது, எதைக் குடுக்குறது. நாங்க ரெண்டையும் தனித்தனியா யோசிச்சதுதான் பிழை. ஒண்ணை முடிவு பண்ணுனா மத்ததும் பாதி முடிவாகிரும், அது தெரிய எங்களுக்கு ரெண்டு மாசம் போச்சு.

மொதல்ல சிரிஞ்ச். 60 மில்லி பெரிய சிரிஞ்ச், பிஸ்டனைக் கழட்டிட்டு வெறும் குழாயை டியூப்ல சொருகி புனல் மாதிரி பிடிச்சுக்கிட்டு ஊத்துறது, வேகமா இறங்குனா கையைக் கொஞ்சம் கீழ இறக்கணும், நின்னா கொஞ்சம் மேல தூக்கணும். 250 மில்லி இறங்க 20 நிமிஷமாவது ஆகணும். செலவு கம்மி, கழுவுறது லேசு, கரண்ட் வேணாம், இஸ்தோப்புல வெயில்ல உக்கார வச்சும் குடுக்கலாம். இதுல ஒரே ஆபத்து அவசரம். எங்க அண்ணன் காலையில பிரட்டுக்கு ஓடணும்னு பிஸ்டனைப் போட்டு அஞ்சு நிமிஷத்துல மொத்தத்தையும் தள்ளிட்டுப் போயிருச்சு, ஒரு நாள் இல்ல, ஒரு வாரமா. அது தெரிஞ்சு செஞ்ச தப்பு இல்ல, பாவம், மூக்கு டியூப்புக்கு அப்பிடித்தான் யாரோ செஞ்சதைப் பாத்திருக்கு. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல பல பேருக்கு இரைப்பை மெதுவாத்தான் காலியாகும், திடீர்னு நிரம்புனா மேல ஏறி தொண்டைக்கு வந்துரும், தொண்டையில இருமல் உணர்ச்சி கம்மி, அது நேரா நுரையீரலுக்குப் போயிரும். அம்மாவுக்கு குரல்ல ஒரு ஈரமான கொரகொரப்பு வந்துச்சு, சாப்பாடு முடிஞ்சு இருமுனாங்க, மூணாம் நாள் ராத்திரி காய்ச்சலும் வேகமா மூச்சும். நிமோனியான்னு பத்து நாள் வார்ட்ல கிடந்தாங்க.

வயித்துல டியூப் வச்சுட்டா புரை ஏறாதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, நானும் அப்பிடித்தான் நினைச்சேன். எச்சிலும் புரை ஏறும், வயித்துல இருந்து மேல வர்றதும் ஏறும். அதனால எதால குடுத்தாலும் தலையும் நெஞ்சும் 30லேர்ந்து 45 பாகையாவது உயர்ந்து இருக்கணும், முடிஞ்சு ஒரு மணி நேரம் படுக்க விடக் கூடாது. வாயால சாப்பிடாட்டியும் காலையும் ராத்திரியும் பல்லு நாக்கு தொடைச்சு விடணும், அழுக்கு வாயோட எச்சில்தான் நெஞ்சுக்குள்ள போய்க் கெடுக்கும். அம்மாவுக்குத் தலகாணி ரெண்டு வச்சா வழுகி கீழ வந்துருவாங்க, அதனால கட்டிலோட தலைமாட்டுக் காலுக்குக் கல் வச்சு உயர்த்தி முழங்காலுக்குக் கீழயும் ஒரு போர்வைச் சுருட்டு வச்சோம், அதுக்கப்புறம் வழுகல.

இப்ப பை. ப்ளாஸ்டிக் பையில ஊத்தி செவுத்து ஆணியில மாட்டி, சேலைன் மாதிரி ட்யூப்ல உருளை பூட்டைத் திருகி மெதுவா விடுறது. 250 மில்லியை ஒரு மணி நேரத்துல விடலாம். சொட்டு எண்ண வேணாம், பையில கோடு இருக்கு, கால் மணிக்கு 60 மில்லி குறைஞ்சா சரி. வயிறு மெதுவா நிரம்புறதால வாந்தி எடுக்குறவங்களுக்கும் சாப்பாடு முடிஞ்சதும் இருமுறவங்களுக்கும் சிரிஞ்சை விட இதுதான் பாதுகாப்பு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பையை மாட்டிட்டு வேலைக்குப் போயிரலாம்னு மட்டும் நினைக்காதீங்க. நல்ல கையால இழுப்பாங்க, வழுகித் தட்டையாப் போயிருவாங்க, அப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். இன்னொண்ணு, பையையும் பையோட வர்ற ட்யூபையும் 24 மணி நேரத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது, உள்ள கழுவவே முடியாத இடத்துல எல்லாம் பால் ஒட்டிக்கிடக்கும். அதை மாசக்கணக்குல பாவிச்ச வீட்டுல வயித்துப்போக்கு நிக்காம இருந்ததைப் பாத்திருக்கேன், அவங்க பவுடர் ஒத்துக்கலன்னு பவுடரை மூணு தடவை மாத்திட்டாங்க.

எதைக் குடுக்குறதுங்கிறதுல தான் எங்க வீட்டுல சண்டையே. பெரியம்மா "டப்பா மாவுல என்னடி சத்து, சோறும் பருப்பும் கரைச்சு விடு"ன்னாங்க. நானும் நம்புனேன். மூணு கரண்டி சோறு, ரெண்டு மேசைக்கரண்டி மைசூர் பருப்பு, அவிச்ச முட்டை ஒண்ணு, குவிச்சு ரெண்டு கரண்டி பால்மா, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு துண்டு கரட். நல்லா அவிச்சு அடிச்சு ரெண்டு தடவை வடிகட்டுனோம். அம்புட்டையும் கூட்டுனா 360 கலோரி மாதிரி வரும். ஆனா டியூப்ல இறங்குற பதத்துக்குத் தண்ணி விட்டா அது அரை லிட்டராயிரும், அப்ப 250 மில்லிக்கு 180 கலோரிதான். பவுடர் டப்பாவுல போட்டிருக்குற அளவுப்படி கரைச்சா மில்லிக்கு ஒரு கலோரி, 250க்கு 250.

அம்மா 50 கிலோ. கிலோவுக்கு 25லேர்ந்து 30 கலோரின்னு வச்சாலும் குறைஞ்சது 1250 வேணும். நாங்க கஞ்சியை அஞ்சு வேளை குடுத்தோம், 900தான் போயிருக்கு. வயிறு நிறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஒரு நாளும் பட்டினி போடல, ஆனா ஆறு வாரத்துல 46 கிலோ ஆயிட்டாங்க, முதுகடியில தோல் சிவந்து புண்ணு வரப் பாத்துச்சு. க்ளினிக்ல போசாக்கு மிஸ் கணக்குப் போட்டுக் காட்டுனப்பதான் எனக்குக் கண்ணு கலங்குச்சு.

கஞ்சியைப் பையில விடவே கூடாது. கெட்டியா இருந்தா நடுவுல நிக்கும், ஆணியில தொங்குற நேரத்துல கெட்டும் போகும். ஹட்டன் பக்கக் குளிருக்குக் கெடாதுன்னு நினைக்கிறது பிழை, அடுப்புக்கிட்டதான் கட்டில் இருக்கு. வீட்டுக் கஞ்சி செஞ்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியணும், கரைச்ச பவுடர் வெளிய தொங்குறது நாலு மணி நேரத்துக்கு மேல வேணாம். பீலித் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சுத்தான் ரெண்டுக்கும். அதனால பைன்னா பவுடர்தான், சிரிஞ்ச்னா ரெண்டும் ஆகும். பவுடர் விலை தாங்காத வீட்டுக்கு கஞ்சிதான் வழின்னா அது சிரிஞ்ச் வீடு, மிஸ்கிட்ட எண்ணெயும் பால்மாவும் எவ்வளவு கூட்டலாம்னு கேட்டு எடை பாத்துக்கிட்டே போகணும். மாசத்துக்கு ஒருக்கா கொழுந்து நிறுக்குற தராசுலயாவது நிறுங்க, நாங்க அம்மாவை நாற்காலியோட நிறுத்து நாற்காலியைக் கழிச்சோம்.

இப்ப எங்க வீட்டுல ரெண்டும் கலந்து. காலை ஆறு மணிக்கு பையில பவுடர் 250, பத்து மணிக்கு சிரிஞ்ச்ல கஞ்சி 250, ஒண்ணரைக்கும் அஞ்சுக்கும் சிரிஞ்ச்ல பவுடர் 250 வீதம், எட்டரைக்கு பையில பவுடர் 300, பத்தே முக்கால் வரைக்கும் சாய்ஞ்சுதான் இருப்பாங்க. கூட்டுனா 1230 வருது, இப்ப எடை 48. ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடி 30 மில்லி, பின்னாடி 30 மில்லி தண்ணி, அஞ்சு வேளைக்கு 300. சாப்பாட்டுலயே ஒரு லிட்டருக்கு மேல தண்ணி இருக்கு, மருந்தோட போறதையும் சேர்த்தா 1500க்குக் கிட்ட வந்துரும். மூத்திரம் கடும் மஞ்சளா இருந்தா மதியம் இன்னும் 100 விடுவேன்.

அடைப்பு எங்களுக்கு ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டும் மருந்தால. மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா இடிச்சுக் கஞ்சியோட கலந்து விட்டேன், அது சீமெந்து மாதிரி இறுகிருச்சு. ஒவ்வொரு மருந்தையும் தனியா பொடிச்சு தண்ணியில கரைச்சு விட்டு நடுவுல 10 மில்லி தண்ணி விடணும். குடல்ல கரையுற மாதிரி பூச்சு போட்ட ஆஸ்பிரினையும் மருந்தை மெதுவா வெளிய விடுற மாத்திரையையும் இடிக்கவே கூடாது, பூச்சு துண்டுகளும் அடைக்கும், மருந்தும் ஒரேயடியா இறங்கிரும், பார்மசியில சொல்லி கரையுற வகைக்கு மாத்திக் கேளுங்க. அடைச்சா இளஞ்சூட்டுத் தண்ணியை 60 மில்லி சிரிஞ்ச்ல எடுத்து மெதுவா தள்ளி இழுத்துத் தள்ளணும், கொஞ்ச நேரம் விட்டு திரும்பவும். சின்ன சிரிஞ்ச் வேணாம், அதுல அழுத்தம் கூடி டியூப் வெடிக்கும். கம்பி, ஊசி எதையும் உள்ள விடாதீங்க. சோடா ஊத்தச் சொல்லுவாங்க, அதோட புளிப்புல பால் இன்னும் திரைஞ்சு கட்டியாகும்.

எதால குடுத்தாலும் டியூப்பைச் சுத்திப் பாக்குற வேலை ஒண்ணுதான். தினமும் சோப்புத் தண்ணியால கழுவி நல்லா ஈரம் போகத் துடைக்கணும், பஞ்சு வச்சு இறுக்கிக் கட்ட வேணாம். வெளித் தட்டுக்கும் தோலுக்கும் நடுவுல அரை சென்டிமீட்டர் இடம் இருக்கணும். புண் ஆறினதும், ஆஸ்பத்திரியில சொன்ன நாள்லேர்ந்து வாரத்துக்கு ஒருக்கா தட்டைத் தளர்த்தி டியூப்பை ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ள தள்ளி ஒரு முழுச் சுத்து சுத்தி பழைய இடத்துக்குக் கொண்டு வரணும். பயந்து செய்யாம விட்டா உள் தட்டு இரைப்பைச் சுவருக்குள்ள புதைஞ்சிரும். உள்ள தள்ள வராது, சுத்த வராது, விடும்போது வலி, பக்கத்துல ஒழுகும். அப்பிடி இருந்தா சாப்பாடு நிறுத்திட்டு ஆஸ்பத்திரிதான்.

டியூப் வச்ச முதல் மூணு நாளுக்குள்ள சாப்பாடு விடும்போது வயிறு வலிச்சாலோ, ரத்தம் வந்தாலோ, பால் பக்கத்துல ஒழுகினாலோ உடனே நிறுத்திட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. முதல் நாலு வாரத்துக்குள்ள டியூப் வெளிய வந்துட்டா யாரும் திரும்ப சொருகக் கூடாது, பாதை இறுகி இருக்காது, டியூப் இரைப்பைக்கு வெளிய போய் அங்க பால் இறங்கும். மாசக்கணக்காயிருந்தாலும் ஓட்டை சில மணி நேரத்துல மூட ஆரம்பிச்சிரும், எங்க தோட்டத்துலேர்ந்து இறங்கவே ஒன்றரை மணி நேரம், அதனால விடியட்டும்னு இருக்காதீங்க. சுத்தத் துணியால மூடிட்டு விழுந்த டியூப்பையும் கையோட கொண்டு போங்க, சைஸ் அதுலதான் அச்சடிச்சிருக்கு.

டியூப்ல சென்டிமீட்டர் கோடு இருக்கு. அம்மாவுக்குத் தோல் கிட்ட இருக்குற எண் 4. காலையில முதல் தண்ணி விடுறதுக்கு முன்னாடி அண்ணி அதைப் பாத்து கலண்டர்ல எழுதி வைக்கும், அன்னைக்கு 4 இல்லாம 6 இருந்தா டியூப் இடம் மாறியிருக்கு, என்னைக் கூப்பிடும், நாங்க எதையும் விட மாட்டோம்.